ரத்ததான முகாம் அறிவிப்பு எழுதுவது எப்படி? தகுதி, நேரம், முன்பதிவுப் பதில்

ரத்ததான முகாமில் பதிவு மேசையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஒருவர் ஆசையாக வந்து நிற்பார். விசாரித்தால், இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருப்பார். அவருக்குப் பின்னால் நிற்கும் இளைஞர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டார். கேட்டால், "ரத்தம் எடுக்குறதுன்னா வெறும் வயித்துலதானே வரணும்?" என்பார். இன்னொருவர் இரவு வேலை முடித்து நேராக வந்திருப்பார். மூன்று பேரையும் மருத்துவர் திருப்பி அனுப்பிவிடுவார். மூவருமே வீட்டிலேயே தெரிந்துகொண்டிருக்க வேண்டிய விஷயம் இது. அறிவிப்பில் அதற்கான நான்கு வரிகள் இல்லை, அவ்வளவுதான்.

முதல்முறையாக முகாம் நடத்தப் போகிறவர்களுக்காக, அந்த நான்கு வரிகளை எப்படி எழுதுவது, பதிலை எந்த வடிவத்தில் வாங்குவது, வந்த பதில்களை வைத்து என்ன செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டில் ஒரு சிறு ஊரில், ஒரு சமுதாயக் கூடத்தில், 70 பேரை எதிர்பார்த்து நடத்தும் முகாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## 1. அறிவிப்புக்கு முன்னால் ரத்த வங்கியை உறுதி செய்யுங்கள்

வெளியிடத்தில் முகாம் நடத்தி ரத்தம் எடுக்க எல்லா ரத்த வங்கிகளுக்கும் அனுமதி இல்லை. மருந்து மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின்படி உரிமம் பெற்ற அரசு ரத்த வங்கி, இந்தியச் செஞ்சிலுவைச் சங்கம், மாநில ரத்த மாற்றுக் குழுமத்தின் அங்கீகாரம் பெற்ற தொண்டு நிறுவன ரத்த வங்கி ஆகியவைதான் நடத்தலாம். தெரிந்த தனியார் மருத்துவமனை ஒன்று "நாங்களே வண்டியோடு வருகிறோம்" என்று சொன்னால், முதலில் முகாம் நடத்தும் அங்கீகாரக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள். அதைப் பார்க்காமல் அறிவிப்பில் அவர்கள் பெயரைப் போட வேண்டாம்.

பக்கத்து அரசு மருத்துவமனை என்றால், ரத்த வங்கி மருத்துவ அலுவலருக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். கடிதத்தில் நீங்கள் யார், எந்த நாள், எந்த இடம், எத்தனை பேர் வருவார்கள், பொறுப்பாளர் இருவரின் கைபேசி எண்கள் ஆகியவை இருந்தால் போதும். கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அதன் பொறுப்பாளர் கொடுத்த கடிதத்தின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாநில அளவில் வாங்க வேண்டிய முகாம் அனுமதியைப் பெரும்பாலும் ரத்த வங்கியே பார்த்துக்கொள்ளும். ஆனாலும், "எங்கள் முகாமுக்கு அனுமதி வந்துவிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அறிவிப்பை வெளியிட வேண்டும்.

அதே சந்திப்பில் மூன்று கேள்விகள் கேளுங்கள். அன்றைக்கு எத்தனை பைகள் கொண்டுவருவார்கள்? எத்தனை கட்டில் போடுவார்கள்? சிற்றுண்டி அவர்கள் தருவார்களா, நாம் ஏற்பாடு செய்ய வேண்டுமா? முதல் இரண்டின் பதில்தான் உங்கள் நேர அட்டவணையைத் தீர்மானிக்கும். மூன்றாவது உங்கள் செலவைத் தீர்மானிக்கும்.

செலவு பெரிதாக ஆகாது. ரத்த வங்கிக்கு நீங்கள் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. கொடையாளரும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. கூடம் வாடகையில்லாமல் கிடைத்துவிட்டால் தண்ணீர் கேன், தேநீர், பிஸ்கட், வாழைப்பழம், தொண்டர்களின் காலை உணவு, வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் என்று 5,000 ரூபாயைச் சுற்றி முடித்துவிடலாம். தெருமுனைகளில் ஃபிளெக்ஸ் கட்டுவதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம். வாசலுக்கு உள்ளே ஒன்று வைத்தால் போதும்.

## 2. நாளையும் நேரத்தையும் கணக்குப் போட்டுக் குறியுங்கள்

நாள் குறிக்கும்போது நாட்காட்டியில் விரதங்களைப் பாருங்கள். விரதம் இருப்பவரிடம் ரத்தம் எடுக்கக் கூடாது. புரட்டாசி சனிக்கிழமை, அமாவாசை, கார்த்திகைச் சோமவாரம், ரம்ஜான் மாதம் இவற்றில் முகாம் வைத்தால் வரக்கூடியவர்களில் ஒரு பங்கை நீங்களே தள்ளிவைத்த மாதிரி ஆகும். நம் உதாரணத்துக்கு 2026 அக்டோபர் 4, ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். புரட்டாசிதான், ஆனால் சனிக்கிழமை இல்லை.

நேரத்தைக் குறிக்க, முகாமுக்கு வரும் குழுவின் வேகம் தெரிய வேண்டும். 50 முதல் 70 பேரிடம் ரத்தம் எடுக்கச் சுமார் 3 மணி நேரம் என்று வைத்துத்தான் விதிகளே ஒரு குழுவின் அளவைச் சொல்கின்றன. ஒரு மருத்துவர், இரண்டு செவிலியர், ஆறு முதல் எட்டுக் கட்டில்கள். மணிக்கு 20 பேர் என்று எடுத்துக்கொண்டால் நிதானமாகப் போகும். ஊசி கையில் இருக்கும் நேரம் பத்து நிமிடத்துக்குள்தான். ஆனால் படிவம் நிரப்புவது, எடை, ஹீமோகுளோபின், ரத்த அழுத்தம், மருத்துவரிடம் பேசுவது, பிறகு ஓய்வு, தேநீர் என்று ஒருவருக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். இந்த முக்கால் மணி நேரத்தை அறிவிப்பில் எழுதிவிடுங்கள். "அஞ்சு நிமிஷ வேலை" என்று நம்பி வந்தவர்தான் பாதியில் கிளம்பிப் போவார்.

காலை 9 முதல் பிற்பகல் 1 வரை முகாம் என்றால், 9 மணியிலிருந்து 12.30 வரை அரை மணிக்குப் பத்துப் பேர் வீதம் ஏழு தவணைகள் வரும். மொத்தம் 70 பேர். 12.30க்கு மேல் யாருக்கும் நேரம் ஒதுக்காதீர்கள். தாமதமாக வருபவர்களும் பதிவு செய்யாமல் வருபவர்களும் அந்த அரை மணி நேரத்தில் அடங்கிவிடுவார்கள். மாலை வரை இழுப்பதும் நல்லதல்ல. எடுத்த ரத்தத்திலிருந்து தட்டணுக்களைப் பிரிக்க வேண்டுமானால் சில மணி நேரத்துக்குள் அது ரத்த வங்கிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

நேரம் ஒதுக்காமல் "காலை 9 முதல் 1 வரை" என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்பது மணிக்கு நான்கு பேர் இருப்பார்கள். பதினொரு மணிக்கு ஐம்பது பேர் ஒன்றாக வந்து நிற்பார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தவருக்கும் வரிசையில் நின்றே மறுபடி பசி எடுத்துவிடும்.

## 3. தகுதி வரிகளை எழுதுங்கள்

யார் கொடுக்கலாம் என்பதற்கு விதிகளில் நீண்ட பட்டியல் இருக்கிறது. அதை அப்படியே அறிவிப்பில் இறக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். எனவே இரண்டு வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் வீட்டிலேயே சரிபார்க்கக் கூடியவை, நம் ஊரில் அடிக்கடி திருப்பி அனுப்பக் காரணமாகிறவை. மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

வயது 18 முதல் 65 வரை. முதல்முறை கொடுப்பவர் 60 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. எடை குறைந்தது 45 கிலோ. அவர்களிடம் 350 மில்லி எடுப்பார்கள். 55 கிலோவுக்கு மேல் இருந்தால்தான் 450 மில்லி பை. ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும் என்பதையும் எழுதலாம்; ஆனால் "முகாமிலேயே பார்ப்பார்கள்" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எண் தெரியாத காரணத்துக்காகவே சிலர் வராமல் இருந்துவிடுவார்கள். அந்தச் சோதனை எளிமையானது. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை நீலநிற மயில்துத்தக் கரைசலில் விடுவார்கள். சொட்டு மூழ்கினால் போதிய அளவு இருக்கிறது, மிதந்தால் போதாது. சில இடங்களில் கையடக்கக் கருவியில் எண்ணாகவே காட்டிவிடுவார்கள்.

முந்தைய தானத்துக்கும் இதற்கும் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி வேண்டும். இதை "மூன்று மாதம், நான்கு மாதம்" என்று எழுதாதீர்கள். கணக்கை நீங்களே போட்டுத் தேதியாகக் கொடுத்துவிடுங்கள். அக்டோபர் 4 முகாமுக்கு, ஆண்கள் கடைசியாகக் கொடுத்தது ஜூலை 6 அல்லது அதற்கு முன்பு. பெண்கள் ஜூன் 6 அல்லது அதற்கு முன்பு. தேதியைப் பார்த்ததும் கொடையாளருக்குச் சட்டென்று விளங்கிவிடும். "மே மாசமா, ஜூன் மாசமா?" என்று மேசைக்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டியிருக்காது.

அடிக்கடி திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் யார்? பச்சை குத்தியோ காது, மூக்குக் குத்தியோ 12 மாதம் ஆகாதவர்கள். பல் பிடுங்கி 6 மாதம் ஆகாதவர்கள். பெரிய அறுவை சிகிச்சை நடந்து 12 மாதம் ஆகாதவர்கள். டைபாய்டு வந்து குணமாகி 12 மாதமும், டெங்கு வந்து குணமாகி 6 மாதமும் முடியாதவர்கள். நாய்க்கடி ஊசி போட்டு ஓராண்டு ஆகாதவர்கள். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், பிரசவமாகி 12 மாதம் ஆகாதவர்கள். இவ்வளவு போதும்.

சர்க்கரை, பி.பி. விஷயத்தில் நிறையப் பேர் தாங்களாகவே ஒதுங்கிக்கொள்கிறார்கள். மாத்திரையால் கட்டுக்குள் இருந்தால், கடந்த 28 நாளில் மருந்தோ அளவோ மாறாமல் இருந்தால், அவர்கள் வரலாம். மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். இன்சுலின் போடுபவர்கள் கொடுக்க முடியாது. இந்த ஒரு வரியை அறிவிப்பில் சேர்த்துவிடுங்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் அதைப் படித்துவிட்டுத்தான் "அப்ப நான் வரலாமா?" என்று கூப்பிடுவார்கள்.

வேலையைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். இரவு வேலை முடித்துத் தூங்காமல் வரக் கூடாது. தொலைதூர வண்டி ஓட்டுநர்களும் கடும் உடலுழைப்பு வேலை செய்பவர்களும் கொடுத்த பின் 24 மணி நேரத்துக்கு அந்த வேலைக்குப் போகக் கூடாது. ஞாயிறு காலை ரத்தம் கொடுத்துவிட்டு ஞாயிறு இரவே லாரி எடுக்கிறவர் உங்கள் ஊரில் கட்டாயம் இருப்பார்.

சாப்பாட்டு வரி எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில் வரட்டும். காலையில் இட்லி, இடியாப்பம் மாதிரி எளிய உணவு சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வர வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி வேண்டாம். கொழுப்பு ரத்தத்தில் கலந்து பிளாஸ்மா பால்போலக் கலங்கினால் அந்தப் பகுதியைக் கொட்டிவிட வேண்டியதுதான். முந்தைய இரவு மது கூடாது என்பதையும் தயங்காமல் எழுதுங்கள்.

## 4. இந்த இரண்டையும் எழுதவே எழுதாதீர்கள்

"இலவச ரத்தப் பரிசோதனை செய்யப்படும்" என்று போடாதீர்கள். கொடுத்த ரத்தத்தை ஹெச்.ஐ.வி., இரண்டு வகைக் கல்லீரல் அழற்சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிப்பது உண்மைதான். ஆனால் அதை ஒரு சலுகைபோல அறிவித்தால், தனக்குத் தொற்று இருக்குமோ என்று பயந்துகொண்டிருப்பவர், யாருக்கும் தெரியாமல் சோதித்துக்கொள்ளலாம் என்று ரத்தம் கொடுக்க வருவார். தொற்றிய புதிதில் சில நாட்கள் எந்தச் சோதனையிலும் அது பிடிபடாது. அந்த இடைவெளியில் கொடுத்த ரத்தம் ஒரு நோயாளிக்கு ஏறிவிடலாம். அப்படிப் பயம் இருப்பவர்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவும் ரகசியமாகவும் சோதிக்கிறார்கள். யாராவது தனியாகக் கேட்டால் அங்கே போகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பரிசு. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ரத்தத்துக்குப் பணம் கொடுப்பது தடைசெய்யப்பட்டிருக்கிறது. பணமாகக் கொடுக்காவிட்டாலும், பரிசுக் கூப்பன், குலுக்கல் என்று அறிவித்தால் அதற்காக உண்மையை மறைத்துக் கொடுக்க வருகிறவர்கள் இருப்பார்கள். சான்றிதழ், கொடையாளர் அட்டை, சிற்றுண்டி என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

## 5. மாதிரி அறிவிப்பு

இதை எடுத்து உங்கள் விவரங்களைப் போட்டுக்கொள்ளலாம். ஆண்டை விட்டுவிடாதீர்கள். ஆண்டு இல்லாத அறிவிப்பு அடுத்த வருடமும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். பூட்டிய கூடத்து வாசலில் வந்து நின்றுகொண்டு யாராவது உங்களுக்குப் போன் செய்வார்கள்.

```
ரத்ததான முகாம்
நாள்: 2026 அக்டோபர் 4, ஞாயிறு
நேரம்: காலை 9.00 - பிற்பகல் 1.00
இடம்: (கூடம், தெரு, அருகில் உள்ள அடையாளம்)
ரத்தம் எடுப்பவர்கள்: (ரத்த வங்கியின் முழுப் பெயர்)

*காலை உணவு சாப்பிட்டுவிட்டு வரவும்.*
*வெறும் வயிற்றில் வர வேண்டாம்.*

கொடுக்கலாம்:
வயது 18-65 (முதல்முறை என்றால் 60 வரை)
எடை 45 கிலோவுக்குக் குறையாமல்
கடைசியாகக் கொடுத்தது:
  ஆண்கள் - ஜூலை 6, 2026 அல்லது அதற்கு முன்
  பெண்கள் - ஜூன் 6, 2026 அல்லது அதற்கு முன்
சர்க்கரை, பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்டுவிட்டு வரலாம்.

இப்போது கொடுக்க முடியாது:
12 மாதத்துக்குள் பச்சை, காது/மூக்குக் குத்தல்,
  பெரிய அறுவை சிகிச்சை, டைபாய்டு, நாய்க்கடி ஊசி, பிரசவம்
6 மாதத்துக்குள் பல் பிடுங்கியவர், டெங்கு வந்தவர்
கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இன்சுலின் போடுபவர்கள்
முந்தைய இரவு தூங்காதவர், மது அருந்தியவர்

கொண்டுவர: பிறந்த தேதி உள்ள அடையாள அட்டை,
  பழைய கொடையாளர் அட்டை இருந்தால் அது
ஆகும் நேரம்: சுமார் 45 நிமிடம்
முன்பதிவு: அக்டோபர் 2 இரவு 8 மணிக்குள், இந்த எண்ணுக்குத்
  தனிச் செய்தியாக: (எண் 1), (எண் 2)
```

இறுதி முடிவு மருத்துவருடையது என்பதை மேலே சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம். முதல் அறிவிப்பைப் பத்து நாளைக்கு முன்பு அனுப்புங்கள். ஒரு மாதம் முன்பே அனுப்பினால் மறந்துவிடுவார்கள். நான்கு நாளைக்கு முன்பு, இன்னும் எந்தத் தவணையில் இடம் இருக்கிறது என்பதோடு இரண்டாவது முறை அனுப்புங்கள்.

## 6. பதில் எந்த வடிவில் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்

வடிவம் சொல்லாவிட்டால் "நான் வரேன்", ஒரு கைகூப்பு, "நானும் என் தம்பியும்" என்றுதான் பதில் வரும். ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு விவரம் வாங்கி முடிப்பதற்குள் ஒரு வாரம் போய்விடும். அறிவிப்புக்குக் கீழே இதை இன்னொரு செய்தியாக அனுப்புங்கள். அறிவிப்போடு ஒட்டாமல் இருந்தால்தான் நகலெடுத்து, நிரப்பி, திருப்பி அனுப்ப வசதியாக இருக்கும்.

```
முகாம் 4-10-2026
1. பெயர்:
2. வயது:
3. ஆண் / பெண்:
4. எடை 45 கிலோவுக்குக் குறையாது (ஆம்/இல்லை):
5. ரத்த வகை (தெரியாவிட்டால் "தெரியாது"):
6. கடைசியாகக் கொடுத்த தேதி (முதல்முறை என்றால் "முதல்"):
7. வரும் நேரம் (9.00 / 9.30 / 10.00 / 10.30 / 11.00 / 11.30 / 12.00):
8. மாற்று நேரம்:
9. தகுதி விவரம் படித்தேன் (ஆம்):
```

நிரப்பிய பதில் எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரியும் கூடவே போடுங்கள்: "1. கவிதா 2. 34 3. பெண் 4. ஆம் 5. ஓ பாசிட்டிவ் 6. 12-1-2026 7. 10.00 8. 11.30 9. ஆம்." மாதிரியைப் பார்த்தால் பெரியவர்கள்கூடத் தடுமாறாமல் அனுப்பிவிடுவார்கள். ஒருவருக்கு ஒரு செய்தி என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இந்தப் படிவத்தில் நோய் பற்றி ஒரு கேள்விகூட இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வேண்டுமென்றே விட்டதுதான். மஞ்சள் காமாலை வந்ததா, கருக்கலைப்பு ஆனதா, மாதவிடாயா என்பதையெல்லாம் பக்கத்துத் தெருப் பையன் கையில் இருக்கும் கைபேசிக்கு எழுதி அனுப்பச் சொல்லக் கூடாது. அவற்றை மருத்துவர் முகாமில் தனியாகக் கேட்பார். ஒன்பதாவது கேள்வி, பட்டியலைப் படித்துத் தங்களுக்குள்ளேயே சரிபார்த்துவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. நமக்கு அது போதும். ஆதார் எண், சாதி, முகவரி எதுவும் வேண்டாம். பதிலைக் குழுவில் போடாமல் தனியாக அனுப்பச் சொல்வதும் இதனால்தான். குழுவில் பத்துப் பேர் போட்டுவிட்டால், போடாதவரிடம் "நீ ஏன் தரலை?" என்று யாராவது கேட்பார்கள். சொல்ல விரும்பாத காரணம் அவருக்கு இருக்கலாம்.

## 7. பதில்கள் வந்தபின்

ஒரு தாளில் ஏழு தவணைகளுக்கும் ஏழு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பதில் வந்த அன்றே பெயரை எழுதி, "கவிதா, உங்கள் நேரம் அக்டோபர் 4 காலை 10.00. சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று உறுதிச் செய்தி அனுப்புங்கள். பத்து நிரம்பிய தவணையைக் கேட்டால் மாற்று நேரத்தைக் கொடுங்கள். ஆறாவது பதிலில் தேதி இடைவெளிக்குள் வந்தால், எந்தத் தேதிக்குப் பிறகு கொடுக்கலாம் என்று சொல்லி நன்றியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

நெகட்டிவ் வகைக்காரர்கள் பதிவு செய்தால் ரத்த வங்கிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிவப்பணு 35 முதல் 42 நாள் வரைதான் இருப்பில் இருக்கும். அதனால், அவர்களை இப்போதே கொடுக்கச் சொல்வதா, அவசரத்துக்குக் கூப்பிடும் பட்டியலில் வைப்பதா என்பதை இருப்பைப் பார்த்து ரத்த வங்கியே சொல்லும்.

அக்டோபர் 2 இரவு மொத்த எண்ணிக்கையை ரத்த வங்கிக்குச் சொல்லுங்கள். 70 பைக்குத் தயாராக இருப்பவர்களிடம் 30 பேர்தான் பதிவு என்றால் சிறிய குழுவாக வருவார்கள். இன்னொரு முகாமுக்கு ஆள் மிஞ்சும். பதிவு செய்த எல்லோரும் வந்துவிட மாட்டார்கள், வந்த எல்லோரும் கொடுத்துவிடவும் முடியாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

சனிக்கிழமை மாலை அனைவருக்கும் நினைவூட்டல்: நேரம், இடம், நன்றாகத் தூங்குங்கள், காலையில் சாப்பிடுங்கள், அடையாள அட்டை. காய்ச்சல், சளி, புதிதாக ஏதாவது மாத்திரை என்றால் வர வேண்டாம், ஒரு செய்தி மட்டும் போடுங்கள் என்றும் சேருங்கள். காலியாகும் இடத்தைக் காத்திருப்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.

முகாம் அன்று வாசலில் ஒருவர் தவணைப் பட்டியலோடு நிற்கட்டும். வந்தவரிடம் முதல் கேள்வி, "சாப்பிட்டீங்களா?" சாப்பிடாதவருக்கு அங்கேயே பிஸ்கட்டும் வாழைப்பழமும் கொடுத்து உட்கார வையுங்கள், எப்போது கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்வார். கொடுத்து முடித்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடமாவது உட்கார வைத்துத்தான் அனுப்ப வேண்டும். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு உடனே கிளம்புகிறவர்களைத் தடுக்க ஒரு தொண்டர் தேநீர் மேசையிலேயே இருக்கட்டும். மயக்கம் பெரும்பாலும் எழுந்து நடக்கும்போதுதான் வரும்.

அடுத்த நாள், கொடுத்தவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: ஆண்கள் அடுத்து 2027 ஜனவரி 2 முதல், பெண்கள் பிப்ரவரி 1 முதல் கொடுக்கலாம். அவசரத் தேவைக்குக் கூப்பிடலாமா என்று அதிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். "ஆம்" என்று சொன்னவர்களின் பெயர், வகை, எண், தேதி மட்டும் வைத்துக்கொண்டு மற்ற பதில்களை அழித்துவிடுங்கள்.